பகலில் நித்திரை கொள்கிறவளின் அறை

எழுத்துப் பழக்கமில்லாதவள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. வரி நேராக வராது. எது முந்தி நடந்தது, எது பிந்தி நடந்தது என்பதும் சில இடத்தில் மறந்துபோகும். நாலு பேர் கூடியிருந்தால் வாய் திறக்கக் கூசுகிறவள் நான். அன்றைக்கும் கூசித்தான் நின்றேன். அப்போது சொல்லாமல் விட்டதெல்லாம் இன்றைக்கும் எனக்குள்ளேயே கிடக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஆலங்குடாவில், கடலுக்குக் கிட்ட. நானும் என் மாப்பிள்ளையும், மௌத்தாகிக் கண்ணை மூடிவிட்ட மகளின் வாப்பா, மகளுக்கென்று கட்டிய வீடு. சீமெந்துக் கல் சுவர், மேலே சீட் கூரை. மருமகன் கலியாணம் முடித்து இங்கே வந்து சேர்ந்தவர். படகு வைத்திருக்கிறார். கடல் அமைதியாகக் கிடக்கும் மாதங்களில் வெள்ளைக்காரர்களையும் கொழும்பு ஆட்களையும் டொல்பின் காட்டக் கூட்டிக்கொண்டு போவார். மகள் புத்தளத்து ஆசுபத்திரியில் நர்ஸ். எங்கள் குடும்பத்தில் அரசாங்கச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள். தையல் மெசினை மிதித்து மிதித்து நான் படிப்பித்த பிள்ளை.

அவளுக்கு இரவு வேலை வரும் கிழமைகளில்தான் எல்லாக் கரைச்சலும். ராத்திரி முழுக்க நின்று வேலை செய்துவிட்டு, காலையில் ஸ்கூட்டரில் பாலாவி கழிந்து வீட்டுக்கு வருவாள். வந்து படுத்தால் கண் மூடும். மூடிய கொஞ்ச நேரத்தில் முழித்துவிடுவாள். பிறகு புரண்டு புரண்டு கிடந்துவிட்டு, சிவந்த கண்ணோடு மறுபடியும் வேலைக்குப் போவாள்.

ஒருநாள் காலை, பாலாவிக்குக் கிட்ட உப்பளம் தொடங்கும் இடத்தில், ஸ்கூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் கண் சொருகிவிட்டது. வண்டி ரோட்டை விட்டு இறங்கிச் சேற்றில் விழுந்தது. பின்னால் வந்த உப்பு லொறிக்காரர்தான் நிறுத்தி, தூக்கி, தண்ணீர் கொடுத்து, எங்களுக்குப் போன் எடுத்தார். சிங்கள ஆள், தங்கச்சியை நங்கி என்பார்கள். "நங்கிக்கு ஒண்ணும் இல்ல, நித்திரை, நித்திரை" என்று தெரிந்த தமிழில் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த லொறி கொஞ்சம் கிட்ட வந்திருந்தால் என் பிள்ளை இல்லை.

மருமகன் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

"இந்த வேல வாணாம். நான் உழைக்கிறது பத்தாதா?"

மகள் கையில் மருந்து போட்டுக்கொண்டே, "என்ட பிழை வேலையில இல்ல, நித்திரையில" என்றாள்.

"ரெண்டும் ஒண்டுதான். அடுத்த மாசத்துக்குள்ள நித்திரை சரிவராட்டி எழுதிக் குடுத்துட்டு வீட்டுல இரி."

இதுதான் கணக்கு. அவள் பகலில் நித்திரை கொண்டால் வேலை இருக்கும். கொள்ளாவிட்டால் நான் மிதித்த மெசினும் அவள் படித்த படிப்பும் அடுப்படிக்குப் போகும்.

இந்த நேரம் பார்த்துத்தான் மருமகனின் ராத்தா, அவருக்கு மூத்த சகோதரி, வந்து இறங்கினார். கொழும்பில் இருப்பவர். வீடு அடுக்குவது எப்படி, எந்த அறைக்கு எந்த நிறம் என்று எங்கேயோ காசு கட்டிப் படித்துவிட்டு, போனில் வீடியோ போடுகிறவர். நிறைய ஆட்கள் பார்க்கிறார்களாம். வாசலில் செருப்பைக் கழற்றியதும் நேரே மகளின் அறைக்குள் போய் நின்றார். மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"தம்பி, இந்த ரூமுக்குள்ள மனுசன் எப்படித் தூங்குவான்? மூச்சு முட்டுது. இவ்வளவு சாமான் இருந்தா மூளை ஓயாது."

சாமான் இருந்தது உண்மைதான். அலுமாரி, என் தையல் மெசின், என் தகரப் பெட்டி, அரிசி வாளி, இஸ்திரிக்கை மேசை. அறையின் ஒரு சுவர் முழுக்க ஆணி அடித்து மருமகனின் லைஃப் ஜாக்கெட்டுகள் தொங்கின. ஆரஞ்சு நிறத்தில், வரிசையாக, தலையில்லாத ஆட்கள் மாதிரி. முன்பு ஒரு தரம் வெளியே வைத்திருந்ததில் இரண்டு களவு போனதால் அறைக்குள் கொண்டுவந்திருந்தார்.

ராத்தா வேலையைத் தொடங்கினார். முதலில் வெளியே போனது எது தெரியுமா? என் மெசின். அடுத்தது என் பெட்டி. அதற்குள் என் மாப்பிள்ளையின் தொப்பியும், மகள் பள்ளிக்கூடம் போட்டுப்போன வெள்ளைச் சட்டையும், நான் வெட்டி வைத்திருந்த துணியும் இருந்தன. திறந்துகூடப் பார்க்கவில்லை.

"இதெல்லாம் பழைய பாரம் மாமி. பாவிக்காத சாமான் மனசை அமத்தும். பின் விறாந்தையில வைப்போம்."

பாவிக்காத சாமானாம்! போன பெருநாளைக்கு அவருடைய பிள்ளைக்குச் சட்டை தைத்தது அந்த மெசினில்தான். பின் விறாந்தையில் கடல் காற்று நேராக அடிக்கும். இரும்பை இரண்டு கிழமையில் தின்றுவிடும் காற்று அது. எனக்கு வாய்வரைக்கும் வந்தது. மருமகன் நின்றார். மருமகனுக்கு முன்னால் குரல் எடுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றேன், விழுங்கிக்கொண்டேன்.

லைஃப் ஜாக்கெட்டுகளை அவர் தொடவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றைக்கூடத் தொடவில்லை.

மகள் கேட்டாள், "மச்சி, இது சாமான் இல்லியா?"

"அது தம்பிட தொழில். உழைக்கிற சாமான்ல பாரம் இல்ல."

நான் உழைத்த மெசினில் பாரம், அவர் தம்பி உழைக்கும் சட்டையில் பாரம் இல்லை. சாமான் யாருடையது என்று பார்த்துத்தான் பாரமும் வருமோ?

பிறகு நிறம். சுவர் முன்பு பச்சை, என் மாப்பிள்ளை தன் கையால் பூசியது. ராத்தா அதை வெளிர் நீலமாக மாற்றினார். நீலம் நெஞ்சை ஆற்றுமாம், கடலைப் பார்க்கிற மாதிரி இருக்குமாம். கடலைக் கண்ணால் காண்பதற்கே எங்களுக்கு நேரம் இல்லை, அது வீட்டுப் பின்னால் கத்திக்கொண்டு கிடக்கிறது. யன்னலில் நான் தைத்துப் போட்டிருந்த தடித்த கறுப்புச் சீலையையும் கழற்றினார். "இருட்டு நிறம் துக்கம் மாமி" என்று சொல்லிவிட்டு வலை மாதிரி ஒரு வெள்ளைச் சீலை போட்டார். அலுமாரிக் கண்ணாடியை ஒரு துணியால் மூடினார். கட்டிலுக்கு எதிரே கண்ணாடி இருந்தால் நித்திரை கலையுமாம்.

பெரிய சண்டை கட்டிலுக்குத்தான். படுத்தபடி கதவைப் பார்க்க வேண்டும், அப்போதுதான் மனது பயமில்லாமல் அடங்கும் என்றார் ராத்தா. வடக்கே தலை வைக்கக் கூடாது, பூமியின் காந்தம் இரத்தத்தில் இருக்கும் இரும்பை இழுக்கும் என்றார்.

கட்டிலுக்கு ஆணி இறுக்க வந்த தச்சர், வன்னியிலிருந்து வந்து பாலாவியில் இருக்கும் இந்து ஆள். அவரும் தலையை ஆட்டினார். "ஓம் அக்கா, எங்கட ஆக்களும் வடக்க தலை வைக்க விடமாட்டினம்."

எனக்குப் பொறுக்கவில்லை. சீலைக்குப் பின்னால் இருந்தே சொன்னேன்: "எங்கட மையித்தைக் கப்ருக் குழியில வடக்கேதானே தலை வச்சு, வலப்பக்கம் சரிச்சு, கிப்லாவப் பாக்க வைக்கிற? வலப்பக்கம் சரிஞ்சு படுக்கிறது நபி காட்டின சுன்னத்து. வடக்கில என்ன குத்தம்?"

"அதுதான் மாமி நானும் சொல்றன். அது மௌத்தானவங்களுக்கு!"

தச்சர் சிரித்தார். மருமகனும் சிரித்தார். 

கிழக்கே தலை வைத்தால் கால், நாங்கள் பார்த்துத் தொழும் மேற்குக்கு, கிப்லாப் பக்கம் போகும், அதை எங்கள் வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டோம். வடக்கு காந்தம். தெற்கில் அலுமாரி. மிச்சம் மேற்கு. மேற்குச் சுவரோடு தலைமாட்டை ஒட்டினால் கதவும் தெரியும், காலும் மரியாதையாக இருக்கும். எல்லாருக்கும் திருப்தி. ராத்தா சின்ன மணச் சாடி ஒன்றையும் தலைமாட்டில் வைத்து வீடியோ எடுத்தார். மகளைக் கட்டிலில் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, அதையும் எடுத்தார். "இப்ப பாருங்க, நிம்மதியான நித்திரை" என்று குரல் கொடுத்தார். என் பிள்ளை நடிப்புக்காகக் கண்ணை மூடிக் கிடந்ததை நாடே பார்த்தது.

உண்மையான நித்திரை அடுத்த இரவு வேலைக் கிழமையில் வந்தது, இல்லை, வரவில்லை. முன்பைவிட மோசம். வெள்ளைச் சீலை வழியே வெயில் வந்து வெளிர் நீலச் சுவரில் பட்டுத் தெறித்தது. அறை, கருவாடு காயப்போடும் வாடி முற்றம் மாதிரி வெளிச்சம். மத்தியான லுஹர் தொழுகை கழிந்து வெயில் மேற்குப் பக்கம் திரும்பியதும் சுவர் காயத் தொடங்கும். பிள்ளையின் தலை அந்தச் சுவரோடு. மேலே சீட் கூரை வேறு. தலையணை நனைந்து எழும்புவாள். வேலை இல்லாத நாள் இரவில் படுத்தாலும் அந்தக் கல், பகல் வாங்கிய சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அவள் தலையில் விட்டுக்கொண்டிருக்கும்.

மகள் ராத்தாவிடம் போனில் சொன்னபோது, "ரூம் பழகணும். அதோட உம்மாட பெட்டி இன்னும் வளவுக்குள்ளதானே இருக்கி" என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். பெட்டி அறைக்கு வெளியே, வீட்டு வளவுக்குள் இருந்தால்கூடக் குற்றம்! இனி என்னையும் தூக்கி விறாந்தையில் வைக்கச் சொல்வாரோ என்று நினைத்தேன். 

மகள் தன் வார்டு டொக்டரம்மாவிடம் கேட்டுவிட்டு வந்தாள். அடுப்படியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே எனக்குச் சொன்னாள்.

"இருட்டு, குளிர்ச்சி, சத்தமில்லாமை. இந்த மூண்டும்தான் உறுதியா தெரிஞ்ச விசயமாம் உம்மா. படுக்கையில போன் பாக்காம இருக்கிறதும், முடிஞ்சளவு ஒரே நேரத்துல படுக்கிறதும் நல்லதாம்."

"அப்ப நிறம்?"

"கண்ணை மூடினா நீலம் என்ன, பச்சை என்ன? பிடிச்ச நிறத்தப் பாத்தா மனசு கொஞ்சம் லேசாகும், அவ்வளவுதான். நித்திரை வர வைக்கும் எண்டு காட்டினவங்க யாரும் இல்லயாம்."

"வடக்கு?"

சிரித்தாள். "இரத்தத்து இரும்பு ஆணி மாதிரி இழுபடாது உம்மா. இழுபட்டா வார்டுல பாதிப் பேர் சுவத்துல ஒட்டிக்கிட்டு நிப்பாங்க. கதவைப் பாக்கப் படுத்தாச் சில பேருக்குப் பயம் குறையுமாம், அது ஆளைப் பொறுத்தது. கண்ணாடி சும்மா கதை."

"சாமான்?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "சாமான் நிறைஞ்ச அறையில ஆக்கள் நல்லாத் தூங்குறதில்லை எண்டு சொல்றாங்களாம். ஆனா சாமான்தான் காரணமா, கவலை உள்ள ஆக்கள்தான் சாமானைச் சேக்கிறாங்களா எண்டு தெரியாதாம். என்ட காரணம் எனக்குத் தெரியும் உம்மா. சாமான் சும்மா கிடந்தா என்ன? அதை எடுக்க ஆள் வாறதுதான் கரைச்சல்."

அவள் சொன்ன பிறகுதான் நானும் யோசித்தேன். மெசின் தானாகச் சத்தம் போடவில்லை, பெட்டி எழுந்து நடக்கவில்லை. ஆனால் மருமகன் காலையில் விருந்தினர் வந்தால் ஜாக்கெட் எடுக்க உள்ளே வருவார். திரும்பி வந்தால் ஈரத்தோடு மாட்ட வருவார், கொளுக்கிகள் ஒன்றோடொன்று அடித்துக் கணகணக்கும். பிந்தி இன்னொரு கூட்டம் வந்தால் மறுபடியும் வருவார். ஒவ்வொரு முறையும் கதவு திறக்கும். கதவைப் பார்த்துப் படுத்திருக்கும் பிள்ளை கண்ணைத் திறப்பாள். அரிசி எடுக்க நான் போனதும் உண்டு, பொய் சொல்லவில்லை. அன்றைக்கே அரிசி வாளியை அடுப்படிக்கு இழுத்தேன், இஸ்திரிக்கை மேசையையும் வெளியே எடுத்தேன்.

ஜாக்கெட்டைத் தொட எனக்கு உரிமை இல்லை. மகள் மருமகனிடம் கேட்டாள், வெளியே ஒரு கொட்டில் அடித்துப் பூட்டுப் போடச் சொல்லி. "பாப்பம்" என்றார். எங்கள் பக்கத்து ஆண்கள் "பாப்பம்" என்றால் நடக்காது என்று அர்த்தம். இரண்டாம் முறை கேட்டதற்கு, "ராத்தா செஞ்சு தந்த ரூமையும் கெடுக்கணுமா? உனக்கு வேலையை விடத்தான் சொன்னன்" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அறை சரிவராமல் போவதில் அவருக்கு ஒரு நட்டமும் இல்லை. அவர் தவணை சொன்ன மாதமும் முடிந்துகொண்டிருந்தது.

 மகள் வேலை முடிந்து வரும் வழியில் தாழ்ப்பாள் ஒன்று வாங்கி வந்தாள். தச்சரைக் கூப்பிடவில்லை, தானே திருகினாள். அதுவரை அந்த அறைக்கு உள்தாழ்ப்பாள் சரியாக விழாது. அடுத்த காலையில் வேலை முடிந்து வந்து, குளித்து, கட்டிலைத் தனியாக இழுத்து வடக்கே தலைமாட்டைத் திருப்பினாள். பின் விறாந்தையில் சுருட்டிக் கிடந்த கறுப்புச் சீலையை எடுத்து மாட்டினாள். எனக்கு முன்னால் நின்று சொன்னாள்:

"உம்மா, நான் தாழ்ப்பாள் போட்டுட்டுப் படுக்கப் போறன். நெருப்புப் பிடிச்சா மட்டும் எழுப்புங்க."

அவள் படுத்துக் கொஞ்ச நேரம்தான். வாசலில் வான் ஒன்று வந்து நின்றது. கொழும்பு ஆட்கள், பிள்ளை குட்டியோடு, பிந்தி வந்த கூட்டம். ஜாக்கெட் எல்லாம் உள்ளே. ஜாக்கெட் இல்லாமல் ஆளைக் கடலுக்குள் கொண்டுபோக முடியாது, கண்டால் நேவிக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மருமகன் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. தட்டக் கை ஓங்கினார்.

நான் அடுப்படியில் இருந்து வந்தேன். எப்படி வந்தேன் என்று இப்போதும் தெரியாது. சீலைக்குப் பின்னால் நிற்கவில்லை. கதவுக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன்.

"தட்ட வாணாம் மருமகன்."

"மாமி, விருந்தாளிகள் நிக்கிறாங்க. ஒரு நிமிசம். எடுத்துட்டுப் போயிருவன்."

"அந்த ஒரு நிமிசத்துலதான் என்ட பிள்ளை சேத்துல விழுந்தா."

"என்ன மாமி கதை இது? அவள எழுப்புங்க."

"எழுப்பமாட்டன்."

"என்ட சாமான் உள்ளுக்கு இருக்கி!"

"ஓம். உங்கட சாமான் உள்ளுக்கு. என்ட சாமான் உப்புக் காத்துல. உங்கட ராத்தா வந்து எல்லாப் பாரத்தையும் தூக்கி எறிஞ்சாங்க, இதை மட்டும் விட்டுட்டாங்க. இந்தப் பிள்ளைட நித்திரையில தொங்குற பாரம் இதுதான் மருமகன். வேற ஒண்டும் இல்ல."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. நின்ற இடத்தை விட்டு நான் நகரவில்லை. வாசலில் நின்ற கொழும்புப் பெண் ஒருத்தி, "அங்கிள், ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டாள். மருமகன் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். முகம் கறுத்துப்போய் வெளியே இறங்கினார். பக்கத்துப் படகுக்காரரிடம் ஜாக்கெட் இரவல் கேட்டார். அவர் கொடுத்தார், ஆனால் கரையில் இருந்த எல்லாரும் கேட்கும்படி, "ஏன் மச்சான், மாமி வீட்டை விட்டுத் துரத்திட்டாவா?" என்று கேட்டுத்தான் கொடுத்தார்.

மகள் பின்னேரம் அஸர் தொழுகைக்குத்தான் எழும்பினாள். தலைமுடி கலைந்து, கன்னத்தில் தலையணைக் கோடு பதிந்து, கதவைத் திறந்து, "என்ன சத்தம் ஒண்டுமில்ல?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்தது. மறைத்துக்கொள்ள அடுப்படிக்குப் போனேன்.

மருமகன் நல்ல மனது வைத்துச் செய்தாரா, கரையில் கேலி தாங்காமல் செய்தாரா தெரியாது. ஆனால் அந்தக் கிழமையே வளவில் கொட்டில் அடித்துப் பெரிய பூட்டுப் போட்டார். ஜாக்கெட் அங்கே போனது. அறைக் கூரைக்கு மேலே தென்னோலைக் கிடுகு பரப்பிக் கட்டினார், உள்ளே சூடு கொஞ்சம் இறங்கியது. அடுத்த மாதம் வேலையை விடச் சொல்லும் பேச்சு வரவில்லை. மகள் இப்போதும் போய் வருகிறாள். ஒவ்வொரு நாளும் நன்றாக நித்திரை வருகிறது என்று சொல்லமாட்டேன். பகல் நித்திரை இரவு நித்திரைக்கு ஈடாகாதாம், டொக்டரம்மா சொன்னாராம். ஆனால் சிவந்த கண் குறைந்துவிட்டது.

ராத்தாவின் வீடியோ இன்னும் அப்படியே கிடக்கிறது. என் மகள் மேற்குச் சுவரில் தலை வைத்துக் கண்ணை மூடிக் கிடக்கிறாள், கீழே ஆட்கள் பூப் படமும் கை தட்டும் படமும் போட்டிருக்கிறார்கள். அழிக்கச் சொன்னதற்கு, "அது நல்லாப் போகுது மாமி" என்றார். எத்தனை வீட்டில் எத்தனை கட்டில் அதைப் பார்த்துத் திரும்பியிருக்குமோ! என் மெசினின் சில்லும் துருப்பிடித்து இறுகிவிட்டது. எண்ணெய் விட்டு விட்டுப் பார்க்கிறேன், அரைச் சுற்றுக்கு மேல் போகவில்லை. இந்த ஆத்திரம் போகாது, போகவும் வேண்டாம்.

இதை வாசிக்கிறவர் யாராவது, சுவர் சூட்டைப் பற்றியும் இரத்தத்து இரும்பைப் பற்றியும் நான் எழுதியது சரிதானா என்று தெரிந்த டொக்டரிடம் ஒருக்கா கேட்டுத் திருத்திவிடுங்கள். கேட்டதை நான் விளங்கிக்கொண்டபடிதான் எழுதியிருக்கிறேன், பிழை இருக்கலாம். மகளிடமும் கேட்கலாம், என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அஸருக்குப் பிறகு வாருங்கள். அதற்கு முன்னால் வந்தால் வாசலில் நான் நிற்பேன்.